அட்டைப்பெட்டி லேபிள், அச்சகத்துக் கணினி, சர்வீஸ்காரர்

வெப்சைட் வேலைக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு கோயம்புத்தூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்கள் அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மேட்டரெல்லாம் ரெடியா இருக்குதுங்க, அனுப்பி வெச்சர்றேன்." அதில் பொய் எதுவும் கிடையாது. கம்பெனி பல வருஷமாக நடக்கிறது. கேட்லாக் அடித்திருக்கிறார்கள், விசிட்டிங் கார்டு இருக்கிறது, கடை வாசலில் போர்டு தொங்குகிறது. ஆனால் அந்த மேட்டர் முதலாளியின் கையில் இருப்பதில்லை. லோகோ அச்சகக்காரரிடம், மாடல் விவரம் தொழிற்சாலை சூப்பர்வைசரிடம், சரியான பெயரும் முகவரியும் ஆடிட்டரிடம், வாடிக்கையாளருக்குப் புரிகிற பேச்சு சர்வீஸுக்குப் போகிற ஆளிடம் என்று நாலு திசையில் கிடக்கும். முதலாளிக்குப் போன் போட்டு "மேட்டர் அனுப்புங்க" என்று நினைவூட்டிக்கொண்டே இருப்பதைவிட, எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அவரவரிடம் நேரே போய் வாங்குவதே வேலையைத் தொடங்கும் வழி. கணபதிப் பக்கம் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு கம்பெனிக்கு நான் மேட்டர் சேகரித்த விதத்தைச் சொன்னால் இது விளங்கும்.

முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல். மகன் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்பது மாடல்கள்: மேசைமேல் வைக்கிற 2 லிட்டர், சாய்த்து மாவு எடுக்கிற டில்டிங் வகை, ஓட்டலுக்கான பெரியவை. வேலை பேசி முடித்த அன்று மாலையே மகன் வாட்ஸப்பில் படங்களை வரிசையாகத் தட்டிவிட்டார். கூடவே கேட்லாக்கின் பக்கங்களைப் போனில் பிடித்த படங்கள், லோகோ என்று விசிட்டிங் கார்டின் ஒரு புகைப்படம். "எல்லாம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். வந்தவை எங்கே என்ன இருக்கிறது என்பதைக் காட்டும் தடயங்கள். அந்த அளவில் அவை உபயோகமானவைதான்.

லோகோவை முதலில் எடுத்துக்கொண்டேன். விசிட்டிங் கார்டில் லோகோ முக்கால் அங்குல அகலம் இருந்தது. அதை அச்சுத் தரமான 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தாலும் 225 பிக்சல்தான் கிடைக்கும். வெப்சைட்டின் தலைப்பில் லோகோவை 150 பிக்சல் அகலத்தில் வைத்தால், இன்றைய போன் திரைகளில் பல அதை மூன்று மடங்கு அடர்த்தியில் காட்டுகின்றன. 450 பிக்சல் இல்லாவிட்டால் எழுத்தின் ஓரம் மங்கித் தெரியும். போதாக்குறைக்கு ஜேபெக் படத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். நிறப் பட்டையின் மேல் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும்.

கேட்க வேண்டியது அந்த லோகோவை வரைந்த மூலக் கோப்பு. நம் ஊர் அச்சகங்களில் அது பெரும்பாலும் கோரல் டிராவின் சிடிஆர் கோப்பாக இருக்கும். கார்டு அடித்த அச்சகம் எது என்று கேட்டு நேரே போனேன். போனில் கேட்டால் அச்சகக்காரர் ஜேபெக் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அவசரக் கல்யாணப் பத்திரிகைக்கு நடுவே பழைய கோப்பைத் தேட யாருக்கு நேரம்? பக்கத்தில் உட்கார்ந்தால் தேடுவார். அவருடைய கணினியில் அந்தக் கம்பெனியின் பெயரில் ஒரு போல்டர், அதற்குள் கார்டு, பில் புக், கேட்லாக், அட்டைப்பெட்டி டிசைன் என்று எல்லாம் இருந்தன.

அங்கே அவரிடம் இரண்டு காரியம் கேட்டேன். ஒன்று, லோகோவில் உள்ள எழுத்துகளை எல்லாம் தேர்ந்தெடுத்து கர்வாக மாற்றித் தரச் சொன்னேன். கோரலில் அதற்கு `Ctrl+Q`. அப்படிச் செய்யாமல் கோப்பை எடுத்து வந்தால், அந்த ஃபான்ட் என் கணினியில் இல்லாத காரணத்தால் வேறொரு ஃபான்டில் பெயர் தெரியும், லோகோவே மாறிவிடும். இரண்டாவது, அதையே பிடிஎஃப் ஆகவும் சேமித்துத் தரச் சொன்னேன். பிடிஎஃப் என்றதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஜேபெக்கை உள்ளே ஒட்டிவைத்தும் பிடிஎஃப் செய்யலாம். திறந்து 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: உண்மையான வரைகோடு என்றால் ஓரம் பிளேடால் வெட்டியதுபோல் இருக்கும், உள்ளே படம் என்றால் கட்டம் கட்டமாக உடையும். நல்ல கோப்பு கிடைத்துவிட்டால் அதிலிருந்து எஸ்விஜியும், பின்னணி இல்லாத பிஎன்ஜியும், அடர்நிறத்தின் மேல் வைக்க வெள்ளை நிற லோகோவும் நானே எடுத்துக்கொள்வேன்.

நிறத்தையும் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. "மெஜந்தா நூறு, எல்லோ நூறுங்க" என்றார். அச்சுச் சிவப்பு அது. திரையில் அதற்கு நெருக்கமாக வருவது `#ED1C24`. கேட்காமல் விட்டால், போனில் பிடித்த கார்டுப் படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கத் தோன்றும். டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்த சிவப்பு செங்கல் நிறமாகத்தான் வரும்.

அச்சகத்துக் கணினியில் இன்னொரு புதையலும் உண்டு, ஒரு கண்ணியும் உண்டு. கேட்லாக்கின் தமிழ்ப் பகுதி முழுதும் தட்டச்சு செய்யப்பட்டு அங்கேயே இருக்கிறது. திரும்ப அடிக்க வேண்டாமே என்று எடுத்து ஒட்டினால் "தமிழ்" என்ற இடத்தில் `jkpo;` என்றும் "கிரைண்டர்" என்ற இடத்தில் `fpiuz;lh;` என்றும் வந்து நிற்கும். அச்சகங்களில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. அவற்றில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தைத்தான். அதன்மேல் தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கும், அவ்வளவே. வெப்சைட்டுக்கு யூனிகோட் வேண்டும். மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் நிறைய இருக்கின்றன. எந்த எழுத்துரு என்பதை மட்டும் கோரலில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் கன்வெர்ட்டரில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மாற்றிய பிறகுதான் கவனம் அதிகம் தேவை. பாமினியில் துணைக்காலும் ரகரத்தின் புள்ளி வைத்த உருவமும் ஒரே விசையில் உட்கார்ந்திருப்பவை. சரியில்லாத கன்வெர்ட்டர் "ர்" என்று வர வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துவிடும். திரையில் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படாது; படித்துப் பார்த்துத் திருத்துகிறவரும் தாண்டிப் போய்விடுவார். ஆனால் கூகுளில் யாராவது "கிரைண்டர்" என்று சரியாக அடித்துத் தேடும்போது, இந்தப் பக்கத்தில் இருப்பது கணினிக்கு வேறொரு சொல். சோதிக்கும் வழி எளிது. மாற்றிய உரையைத் திறந்து வைத்துக்கொண்டு, `Ctrl+F` அழுத்தி, உங்கள் கையால் "கிரைண்டர்" என்று அடியுங்கள். கண்ணுக்குப் பத்து இடத்தில் தெரியும் சொல்லைக் கணினி இரண்டு இடத்தில்தான் காட்டினால், மீதி எட்டும் பழுது. மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம்.

உரை கைக்கு வந்ததும் அது சொல்வது உண்மையா என்ற கேள்வி எழும். கேட்லாக் அடித்துப் பல காலம் ஆகியிருந்தது. அதில் 2 லிட்டர் மாடலுக்கு மோட்டார் 150 வாட் என்று இருந்தது. தொழிற்சாலையில் பேக்கிங்குக்குத் தயாராக நின்ற அதே மாடலைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த ரேட்டிங் தகட்டைப் பார்த்தேன்: 120 வாட். சூப்பர்வைசர் சிரித்தார். "மோட்டார் சப்ளையரை மாத்தியாச்சுங்க. கேட்லாக்கை யாரு மாத்தறது?" வாரண்டிக்கும் அதே கதை. கேட்லாக்கில் "5 வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெட்டிக்குள் வைக்கிற வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு மட்டும் 5 வருடம், மற்ற பாகங்களுக்கு 2 வருடம். கேட்லாக்கை அப்படியே வெப்சைட்டில் ஏற்றியிருந்தால், பெல்ட் போன ஒவ்வொருவரும் திரையைக் காட்டி இலவசமாக மாற்றித் தரச் சொல்வார்கள்.

அதனால் நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். ஒரே விவரம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால், பொருளோடு சேர்ந்து கடைக்குப் போகிற தாளை நம்புவேன்: முதலில் ரேட்டிங் தகடு, அடுத்து அட்டைப்பெட்டி லேபிள், அதற்கடுத்து வாரண்டி அட்டை, கடைசியில்தான் கேட்லாக். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, விலை, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றை அச்சிட்டே ஆக வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. தவறாக இருந்தால் அபராதம் என்பதால் அதை மட்டும் யாராவது பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். கேட்லாக்கை அப்படிக் கவனிக்க ஆள் இல்லை.

பெயருக்கும் முகவரிக்கும் ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி சான்றிதழின் நகல் வாங்கினேன். அது தனிநபர் நிறுவனம். ஆகவே சான்றிதழில் சட்டப்பூர்வப் பெயர் முதலாளியின் பெயராகவும், வணிகப் பெயர் கம்பெனியின் பெயராகவும் தனித்தனியே இருந்தன. விசிட்டிங் கார்டில் உள்ள முகவரியில் இப்போது குடோன் மட்டும்தான்; உற்பத்தி நடக்கும் இடம் சான்றிதழில் கூடுதல் இடமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. தொடர்பு பக்கத்தில் எந்த முகவரியைப் போடுவது என்று முதலாளியிடம் கேட்டபோது, "சர்வீஸுக்குக் கிரைண்டரத் தூக்கிட்டு வர்றவங்க குடோனுக்குப் போய் நின்னாங்கன்னா பாவமுங்க, கம்பெனி அட்ரஸையே போடுங்க தம்பி" என்றார். கேள்வி இப்படிக் குறிப்பாக இருந்தால் பதிலும் உடனே வந்துவிடுகிறது.

ஐஎஸ்ஐ முத்திரையையும் இதே சமயத்தில் பேசிவிடுவேன். கூகுளில் எடுத்த முத்திரைப் படத்தை அடியில் வரிசையாகப் போடுகிற வழக்கம் உண்டு. முறையான ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே தர எண்ணும், கீழே `CM/L` என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். உரிமத்தின் நகலைக் காட்டினால் முத்திரையை ஏற்றுவேன். நகல் வரும்வரை அந்த இடம் காலி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதைப் போடும்போதும், அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வேன்.

இனி படங்கள். வாட்ஸப்பில் வந்த படத்தை அதன் பெயரை வைத்தே அடையாளம் காணலாம்: `IMG-20240312-WA0007.jpg` என்பதுபோல நடுவே WA இருக்கும். போன் கேமராவில் 4000 பிக்சல் நீளத்தில் எடுத்த படம், வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கி வருகிறது. நிற்க வைத்துப் பிடித்த படமென்றால் அகலம் 1200தான் மிஞ்சும். அதைக் கணினித் திரையின் முழு அகலத்துக்கு, அதாவது 1920 பிக்சலுக்கு இழுத்தால் கலங்கிப் போகும். அதே வாட்ஸப்பில் படத்தை டாக்குமென்டாக இணைத்து அனுப்பினால் சுருங்காமல் வரும். மகனுக்கு இதை ஒருமுறை செய்து காட்டினேன்; பழைய தொழிற்சாலைப் படங்கள் அப்படித்தான் முழு அளவில் வந்தன.

ஆனால் ஒன்பது மாடலின் படங்களும் ஒன்பது விதமாக இருந்தன. ஒன்று டீலர் கடையில் மேலிருந்து எடுத்தது, ஒன்று சமையல் மேடையில், இரண்டு வேறு கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்தவை என்று பின்னணியைப் பார்த்ததுமே தெரிந்தது. பட்டியல் பக்கத்தில் இவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது 2 லிட்டர் கிரைண்டர் ஓட்டல் கிரைண்டரைவிடப் பெரிதாகத் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுத்துவிடலாம் என்று சொன்னேன்.

ஷட்டர் ஓரமாக, வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வரும் இடம் ஒன்று கிடைத்தது. பழைய ஃபிளக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்புறத்தைச் சுவரிலிருந்து தரைவரை வளைவாக, மடிப்பு விழாமல் இறக்கினோம். கிரைண்டர் நிற்கும் இடத்துக்கும் டிரைபாட் கால்களுக்கும் சாக்பீஸால் கோடு போட்டோம். அந்தக் கோட்டை விட்டு எதையும் நகர்த்தக் கூடாது என்பது மட்டும்தான் விதி. அப்போதுதான் மாடலுக்கு மாடல் அளவு வித்தியாசம் படத்தில் உண்மையாகத் தெரியும். போனின் அகலக் கோணத்தில் கிட்டே போய் எடுத்தால் டிரம்மின் வாய் வீங்கித் தெரியும் என்பதால், சாதாரண லென்ஸில் தள்ளி நின்றே எடுத்தோம்.

சிக்கல் தந்தது எவர்சில்வர் டிரம். கண்ணாடிபோல எதிரே இருப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். முதல் படத்தில் மகனின் சிவப்புச் சட்டை டிரம்மின் நடுவே ஒரு கோடாக நின்றது. இரண்டு பெரிய தெர்மகோல் பலகைகளை வாங்கிவந்து இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் போன் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டோம். டிரம்மில் வெள்ளை மட்டும் விழுந்தது. உருண்டை வடிவமும் எடுப்பாக வந்தது. ஒவ்வொரு படத்திலும் பொருளைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டேன். பட்டியலில் சதுரமாகவும், முகப்பில் கணினியில் படுக்கை வாட்டிலும், போனில் நெட்டுவாக்கிலும் வெட்ட வேண்டி வரும். அன்று மாலையே கோப்புகளுக்கு மாடல் பெயரைச் சூட்டிவிட்டேன். மறுநாள் பார்த்தால் இரண்டு டில்டிங் மாடல்களில் எது எதுவென்று எனக்கு எப்படித் தெரியும்?

தொழிலாளர்கள் வேலை செய்கிற படம் எடுக்கும்போது, அவரவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தோம். கல் கொத்துகிற பெரியவர் ஒருவர் வேண்டாம் என்றார். கையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எழுத்தில் மிஞ்சியது, "எங்களைப் பற்றி"யும் பொருள் விளக்கமும். "நீங்களே நாலு வரி எழுதிப் போடுங்க தம்பி" என்றார் முதலாளி. நான் எழுதினால் தரம், நம்பிக்கை, வாடிக்கையாளர் திருப்தி என்று எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற நாலு வரிதான் வரும். அதனால் சர்வீஸுக்குப் போகிறவரோடு டீக்கடையில் உட்கார்ந்து, போன் ரெக்கார்டரை ஓடவிட்டு, "ஜனங்க உங்களுக்குப் போன் பண்ணி என்னதான் கேக்கறாங்க?" என்று ஒரே கேள்வி கேட்டேன். கொட்டினார். "புதுக் கிரைண்டர்ல அரைச்சா மாவு நறநறங்குதுன்னு சொல்றாங்க. மொதல்ல கொஞ்சம் பழைய அரிசியப் போட்டு ஓட்டிக் கொட்டிரோணும், கல்லுத்தூள் போயிரும். டிரம் சுத்தல, மோட்டார் மட்டும் ஓடுதும்பாங்க, அது பெல்ட்டுங்க. ரெண்டு லிட்டர்ன்னா எத்தன டம்ளர் போடலாம்ன்னு கேக்காத ஆளே கெடையாது."

அந்தக் கடைசிக் கேள்விக்குத் தொழிற்சாலையில் யாருக்கும் உறுதியான பதில் இல்லை. முதலாளியின் மனைவி சொன்னார்: "எங்கூட்ல மூணு டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் உளுந்து. அதுக்கு மேல போட்டா வழியுது." பேச்சை அப்படியே தட்டச்சு செய்து, கொச்சையை மட்டும் நீக்கி, கேள்வி-பதிலாக அடுக்கினேன். பொருள் பக்கத்துக்கு வேண்டிய உரையில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிட்டது.

சேர்ந்ததை எல்லாம் ஏ4 தாளில், ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் என்று பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் பேனாவோடு கொடுத்தேன். லிங்க் அனுப்பினால் "நல்லாருக்குதுங்க" என்று ஒரு வரி வரும். தாளைக் கொடுத்தால் அடிப்பார்கள், திருத்துவார்கள், ஓரத்தில் எழுதுவார்கள். வாரண்டி வரியை அவரே அடித்து "மோட்டாருக்கு மட்டும்" என்று சேர்த்தார். 120 வாட்டைப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டு, "கேட்லாக்கையும் மாத்தச் சொல்லிரு" என்றார். ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வேலை முடிக்கும் தேதியை எண்ணத் தொடங்குவது அந்தக் கையெழுத்திலிருந்துதான் என்று மதிப்பீட்டுக் கடிதத்திலேயே எழுதிவிடுவது என் வழக்கம். இல்லாவிட்டால் மேட்டர் தாமதமாவதும் என் தாமதமாகவே கணக்கில் ஏறும்.

எல்லாம் வந்தபிறகுதான் தொடங்குவேன் என்று அடம்பிடிக்கவும் கூடாது. இந்தத் தளத்துக்குக் கட்டாயம் வேண்டியவை ஐந்து: லோகோவின் மூலக் கோப்பு, மாடல் விவரத் தாள், மாடல் படங்கள், முகவரியும் தொடர்பு எண்ணும், கேள்வி-பதில். பொருள் பக்கத்தின் அமைப்பே இவற்றைப் பொறுத்தது. டிரம்மின் படம் சதுரமா நெட்டையா என்பதும், தமிழில் மாடல் பெயர் ஒரு வரியில் அடங்குமா இரண்டு வரி ஆகுமா என்பதும் தெரியாமல் கட்டினால் பிறகு பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். கம்பெனி வரலாறு, டீலர் பட்டியல், வாடிக்கையாளர் கருத்து ஆகியவை பின்னால் வரலாம். வரும்வரை அவற்றுக்கு மெனுவில் இடமே கொடுக்க மாட்டேன். "விரைவில்" என்று எழுதிய பக்கம் வருஷக்கணக்கில் அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதலாளியின் அப்பா கல் ஆட்டுரல் கொத்திய கதையை எழுதித் தருவதாக மகன் சொல்லியிருக்கிறார். தந்ததும் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். கிரைண்டர் விற்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.